சாட்டுக்குப் பூட்டு இருக்கு... பேக்கப்புக்கு?

2020-ல் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மரணத்தைத் தொடர்ந்து நடந்த போதைப்பொருள் விசாரணையின்போது, சிலரின் பழைய வாட்ஸ்அப் சாட்கள் டிவி சேனல்களில் ஓடின. ‘என்க்ரிப்ஷன் இருக்குன்னு சொன்னாங்களே, அப்புறம் எப்படி வெளியே வந்துச்சு?’ என்று பலரும் கேட்டார்கள்.

எதைப் பூட்டுகிறது?

நீங்கள் அனுப்பும் மெசேஜ் உங்கள் போனிலேயே பூட்டப்படுகிறது. திறக்கும் சாவி, பெறுபவரின் போனில் மட்டுமே இருக்கும். நடுவில் உள்ள வாட்ஸ்அப் சர்வர் பூட்டிய பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்குன்னு அதற்குத் தெரியாது. 2016 முதல் இதுதான் நடைமுறை.

எதைப் பூட்டாது?

போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் திறந்துவிடும். அதன்பிறகு, அன்லாக் ஆன போன் யார் கையில் இருந்தாலும் அவர் படிக்கலாம், ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். யாருடன், எப்போது பேசினீர்கள் என்ற விவரமும் இந்தப் பூட்டுக்குள் வராது.

பலரும் கவனிக்காத ஓட்டை, பேக்கப். கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும் சாட் நகலுக்கு இந்தப் பூட்டு தானாக வருவதில்லை. அதற்கான வசதியே 2021-ல்தான் வந்தது. நாம்தான் ஆன் செய்ய வேண்டும்:

Settings > Chats > Chat backup > End-to-end encrypted backup

இங்கே வைக்கும் பாஸ்வேர்டு முக்கியம். போனும் தொலைந்து, பாஸ்வேர்டும் மறந்துபோனால் பேக்கப்பை வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது.

இன்னொன்று: நீங்கள் ஆன் செய்து, நண்பர் செய்யவில்லை என்றால், அதே சாட் அவருடைய பேக்கப்பில் இந்தப் பூட்டு இல்லாமல்தான் இருக்கும். அவரிடமும் சொல்லிவிடுங்கள்.