அஸ்வினுக்கு 30% அபராதம்... இதே கோபத்துக்கு கிளப் மேட்ச்சில் என்ன தண்டனை?

கோவையில் 2025 ஜூன் 8-ல் நடந்த டிஎன்பிஎல் போட்டியில், எல்பிடபிள்யூ கொடுத்த அம்பயரிடம் வாக்குவாதம் செய்த அஸ்வின், பேட்டால் பேடில் அடித்தபடி வெளியேறினார். அதிருப்தி காட்டியதற்கு 10%, உபகரணத்தின் மீது கோபம் காட்டியதற்கு 20% என போட்டி ஊதியத்தில் மொத்தம் 30% அபராதம் விழுந்தது.

ஊதியமே இல்லாத கிளப் மேட்ச்சில்?

எம்சிசி-யின் 42-வது விதிப்படி, 2017 முதல் ரன்னாகவே தண்டனை கிடைக்கிறது.

லெவல் 1: அஸ்வின் செய்தது போன்ற செயல். முதலில் எச்சரிக்கைதான். ஆனா அது மொத்த டீமுக்கும் சேர்த்து. அதன்பிறகு அதே டீமில் வேறு யார் லெவல் 1 தவறு செய்தாலும் எதிரணிக்கு 5 ரன்.

லெவல் 2: கடுமையான அதிருப்தி, வேண்டுமென்றே இடிப்பது. எச்சரிக்கையே கிடையாது, நேராக 5 ரன்.

லெவல் 3: சொல்லாலோ சைகையாலோ அம்பயரை மிரட்டுவது. 5 ரன்னோடு, ஐந்தில் ஒரு பங்கு ஓவர்களுக்கு வீரர் வெளியே. 20 ஓவர் மேட்ச் என்றால் 4 ஓவர்.

லெவல் 4: அம்பயரை அடிப்பேன் என்பது, யாரையாவது அடிப்பது. 5 ரன், மேட்ச் முழுக்க வெளியே. பேட்டிங்கில் இருந்தால் அவுட் கணக்கு.

லெவல் 3, 4-ல் வீரரை வெளியே அனுப்ப வேண்டியது கேப்டன். அவர் மறுத்தால், மேட்ச்சையே எதிரணிக்கு கொடுத்துவிடலாம்.