அடையாளச் சொல் போதுமா?

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாடம் சொல்லித் தருகிறேன். மூத்தவன் ஏழாம் வகுப்பு மாணவன். சென்ற மாதம் அவன் தன் ஆங்கிலப் பயிற்சி நூலைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். அதில் ஒரு வாக்கியத்தின் அருகே சிவப்பு மையில் பெருக்கல் குறி இருந்தது. “அண்ணா, இது எப்படித் தப்பு?” என்று கேட்டான். அவன் குரலில் வருத்தத்தைவிடச் சினமே மிகுந்திருந்தது.

பயிற்சி இதுதான். பத்து வாக்கியங்களைப் படித்து, ஒவ்வொன்றும் செய்தியா, கருத்தா என்று குறிக்க வேண்டும். ஏழாவது வாக்கியம், தமிழ் கற்பதற்குக் கடினமான மொழி என்பது. சிறுவன் ‘கருத்து’ என்று எழுதியிருந்தான். நூலின் விடைப்பகுதியோ ‘செய்தி’ என்றது. ஆசிரியர் விடைப்பகுதியைப் பார்த்துத் திருத்திவிட்டார். வீட்டில் அன்றாடம் தமிழ் பேசுகின்ற ஒரு பிள்ளைக்கு, உன் மொழி கடினம் என்பது ஐயத்திற்கிடமற்ற செய்தி என்று மதிப்பெண் குறைத்துக் கற்பித்தாகிவிட்டது!

இந்தப் பிழை எங்கிருந்து வந்தது? பக்கத்தின் தலைப்பில் இருந்த ஒரு கட்டத்திலிருந்து வந்தது. அதில் இரு பட்டியல்கள் இருந்தன. ‘நான் நினைக்கிறேன்’, ‘என் எண்ணத்தில்’, ‘மிகச் சிறந்த’, ‘அழகான’, ‘வேண்டும்’, ‘ஒருவேளை’ ஆகியவை கருத்தைக் காட்டும் அடையாளச் சொற்களாம். ஆண்டு, எண், ‘அளக்கப்பட்டது’, ‘ஆய்வுகள் காட்டுகின்றன’, ‘இன்னாரின் கூற்றுப்படி’ ஆகியவை செய்தியைக் காட்டுவனவாம். தமிழைப் பற்றிய வாக்கியத்தில் கருத்துப் பட்டியலின் சொல் ஒன்றும் இல்லை. ஆகவே அது செய்தியாயிற்று!

இப்பட்டியல்களை நான் வெறுக்கவில்லை. படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அவை முதற்படி. ‘மிகச் சிறந்த’ என்ற சொல்லைக் கண்டதும், இங்கே யாரோ ஒருவர் எடைபோடுகிறார் என்று நின்று பார்ப்பது நல்ல பழக்கமே. ஆனால் அச்சொற்கள் பேசுகிறவரின் குரலைத்தான் காட்டுகின்றன. அவர் சொல்வது எவ்வகைப் பொருள் என்பதைக் காட்டும் பொறுப்பு அவற்றிற்கு இல்லை. அதை அறிய ஒரே வினா போதும்: ஐயப்படும் இருவர் எதைப் பார்த்தால் வழக்குத் தீரும்? அளந்தோ, எண்ணியோ, ஏட்டைப் புரட்டியோ, கண்ணால் கண்டோ தீர்க்கக் கூடியது என்றால் அது செய்திக் கூற்று. எல்லாவற்றையும் பார்த்த பின்னும் இருவரும் நேர்மையாகவே வேறுபடக் கூடும் என்றால் அது கருத்து.

இங்கே தமிழில் ஒரு தனி இடர் உண்டு. இப்பயிற்சியைத் தமிழில் நடத்துவோர் பலர் செய்தி என்பதற்கு ‘உண்மை’ என்று சொல்லிவிடுகின்றனர். உண்மை என்றால் பொய்யல்லாதது என்றுதானே பிள்ளை எண்ணும்? எனவே தவறான ஒரு கூற்றைக் கண்டால், இது உண்மையன்று, ஆகவே கருத்து என்று எழுதிவிடுகிறது. ஆனால் சோதித்துப் பொய் என்று காட்டத்தக்க கூற்றும் செய்திக் கூற்றே. தவறான செய்திக் கூற்று. கூற்று எந்த வகை என்பது ஒரு வினா. அது மெய்யா பொய்யா என்பது அதன் பின்னர் வரும் மற்றொரு வினா. இரண்டையும் ஒன்றாக்கினால் குழப்பமே மிஞ்சும்.

அடுத்த ஞாயிறு, அச்சிறுவனுக்காக நானே ஆறு வாக்கியங்கள் எழுதிச் சென்றேன். அவன் கோடை விடுமுறையில் கண்டுவந்த தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றியவை அவை.

முதல் வாக்கியம்: “இக்கோயிலை எழுப்பியவன் முதலாம் இராசராசன்.” அடையாளச் சொல் ஒன்றுமில்லை. ஆனால் கோயிலின் கல்வெட்டுகளே சான்று கூறுகின்றன. செய்தி, மெய்யும்கூட. இரண்டாவது: “1987 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.” பட்டியலைப் பார்த்தால் தீர்ந்தது. இவ்விரண்டையும் அவன் தயங்காமல் சொன்னான்.

மூன்றாவது: “இக்கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுவதே இல்லை.” சிறுவன் நெடுநேரம் யோசித்தான். “நான் நிழலைப் பார்த்தேனே! அப்போ இது கருத்தா?” என்றான். நான் எதிர்பார்த்த இடம் இதுதான். வெயில் சாய்ந்த வேளையில் முற்றத்தில் நின்றால் நிழல் கண்ணுக்குத் தெரிகிறது. பார்த்த அளவில் வழக்குத் தீர்ந்துவிட்டது. ஆகவே இது செய்திக் கூற்று. பொய்யான செய்திக் கூற்று.

நான்காவது: “இதைவிட அழகான கோயில் உலகில் இல்லை.” ‘நான் நினைக்கிறேன்’ என்ற சொல் இதில் இல்லை. ‘இல்லை’ என்ற முடிவு மிக உறுதியாக ஒலிக்கிறது. ஆயினும் எந்த அளவுகோலைக் கொண்டு இதைத் தீர்ப்பது? மதுரைக்காரர் ஒருவர் எழுந்து வந்தால் என்ன செய்வது? இது கருத்து.

ஐந்தாவது: “விமானத்தின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர் இருக்கும் என்று நினைக்கிறேன்.” பட்டியலைப் பின்பற்றினால் இது கருத்து. ஆனால் உயரத்தை அளக்கலாம். நூலுக்கு நூல் எண் சற்று வேறுபடுகிறது என்பதும் மெய்தான். எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதைத் தெளிவாக்கிக்கொண்டு அளந்தால் அவ்வேறுபாடும் தீரும். ‘நினைக்கிறேன்’ என்ற சொல், எழுதியவர் தாமே அளக்கவில்லை என்பதை மட்டும் நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. கூற்றோ செய்தியின் பாற்பட்டது.

ஆறாவது: “1010 இல் முடிவுற்ற இந்த அற்புதக் கோயிலைத் தமிழர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் காண வேண்டும்.” இதற்கு ஒரே விடை எழுத முடியாது. 1010 செய்தி, ‘அற்புத’ கருத்து, ‘காண வேண்டும்’ என்பதும் கருத்து. நாளிதழ்களிலும் மேடைகளிலும் நாம் காணும் வாக்கியங்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை என்பது என் எண்ணம். ஆண்டை நம்பிய வேகத்தில் அடைமொழியையும் நாம் விழுங்கிவிடுகிறோம். ஆகவே வாக்கியத்தை வெட்டிப் பார்த்துத்தான் விடை எழுத வேண்டும்.

நிழற்கதையை நான் முதலில் கேட்டது என் பாட்டியிடம். அவர் “விழாது” என்று சொல்லவில்லை, “விழாதாம்” என்றார். எவ்வளவு அருமையான சொல்லுறுப்பு இந்த ‘ஆம்’! நான் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்ற எச்சரிக்கையை அந்த ஓர் அசை சுமக்கிறது. ஆங்கிலப் பயிற்சி நூலின் பட்டியலை அப்படியே தமிழாக்கினால் இது அதில் வராது. ஏனெனில் ‘ஆம்’ செய்தியையும் காட்டவில்லை, கருத்தையும் காட்டவில்லை. சொல்லுக்குப் பொறுப்பு யாருடையது என்று காட்டுகிறது. பாட்டியின் வாயில் இருந்த ‘விழாதாம்’ அச்சில் ஏறும்போது ‘விழாது’ ஆகிவிடுகிறது. ‘ஆம்’ உதிர்ந்த இடத்தில்தான் பல பொய்கள் பிறக்கின்றன. தமிழில் இப்பயிற்சியைக் கற்பிப்போர் முதலில் சொல்லித்தர வேண்டிய அடையாளம் இதுவே.

நான் இயற்பியல் மாணவன். எங்கள் துறையில் பட்டியலின் குறை இன்னும் வெளிப்படை. ஊசல் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தை அளந்து 9.79 என்று எழுதுகிறேன், அதில் 0.02 கூடவோ குறையவோ கூடும் என்றும் சேர்த்து எழுதுகிறேன். ‘கூடும்’ என்ற சொல் இருப்பதால் அது என் கருத்தாகிவிடுமா? அது என் கருவியின் எல்லையைப் பற்றிய செய்தி. கவனமாக எழுதுகிறவரே ‘கூடும்’, ‘ஏறத்தாழ’ என்ற சொற்களை மிகுதியாக எழுதுவார். பட்டியலை மட்டும் நம்பும் பிள்ளை, அவரைக் கருத்துக்காரர் என்று ஒதுக்கிவிட்டு, துணிந்து பொய் சொல்பவரைச் செய்தியாளர் என்று ஏற்றுக்கொள்ளும்.

செய்தியின் அடையாளச் சொற்களோ எளிதில் களவு போகக் கூடியவை. இந்திய நாட்டுப்பண்ணே உலகில் சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாக ஒரு தகவல் ஆண்டுதோறும் நம் கைப்பேசிகளுக்கு வருகிறது. நாட்டுப்பண் சிறந்தது என்பது கருத்து. யுனெஸ்கோ அறிவித்தது என்பது செய்திக் கூற்று; அதுவும் பொய். அந்நிறுவனம் அத்தகைய அறிவிப்பு எதனையும் செய்யவில்லை. தன் கருத்தைத் தன் பெயரில் சொன்னால் யாரும் கேளார் என்று அஞ்சிய ஒருவர், பெரிய இடத்துப் பெயரை அதற்குச் சட்டையாக மாட்டிவிட்டார். ‘இன்னாரின் கூற்றுப்படி’ என்ற அடையாளம் இருக்கும் இடத்தில் முதலில் சோதிக்க வேண்டியது, அவர் அப்படிக் கூறினாரா என்பது. கூறியிருப்பினும் கூறப்பட்டது கருத்தாகவே இருக்கலாம்.

இனி ஏழாவது வாக்கியத்திற்கு வருவோம். தமிழில் 247 எழுத்துகள் என்பது செய்தி; எண்ணிப் பார்க்கலாம். ஆகவே தமிழ் கடினம் என்பது அந்தச் செய்தியின்மேல் கட்டிய கருத்து. 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் அறிந்து, உயிர்மெய்க் குறிகளின் முறையையும் பிடித்துக்கொண்டவர் எளிது என்று வாதிடலாம்; அவரும் அதே 247 ஐத்தான் காட்டுவார். இந்தி மட்டும் அறிந்த பத்து வயதுப் பிள்ளைகள் தமிழ் படிக்க எத்தனை மாதம் எடுத்துக்கொள்கின்றனர், வங்காளம் படிக்க எத்தனை மாதம் என்று கேட்டால் அது சோதிக்கத்தக்க வினா ஆகும். ‘கடினம்’ என்ற வெறுஞ்சொல்லோ யாருக்கு, எதனோடு ஒப்பிட்டு என்று சொல்லாமல் நழுவுகிறது.

கருத்து என்றால் மதிப்பற்றது என்று நான் சொல்லவில்லை. இக்கட்டுரையே ஒரு கருத்துதான். செய்தியிடம் சான்றைக் கேட்க வேண்டும். கருத்திடம் காரணத்தைக் கேட்க வேண்டும். எதனிடம் எதைக் கேட்பது என்று அறிவதற்காகவே இப்பயிற்சி.

நம் சங்கத்து நண்பர்கள் சிலரும் என்னைப் போலவே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகின்றனர். அவர்களிடம் ஒன்று வேண்டுகிறேன். செய்தி, கருத்து என்ற இரு கட்டங்களோடு மூன்றாவதாக ஒரு கட்டம் வரையுங்கள். அதற்கு ‘எதைப் பார்த்தால் தீரும்?’ என்று தலைப்பிடுங்கள். அக்கட்டத்தை நிரப்ப முடியாத பிள்ளை முதலிரண்டில் எழுதியது வெறும் ஊகமே.

எங்கள் சிறுவன் விடையை மாற்றவில்லை. சிவப்புக் குறிக்கு அருகில் பென்சிலால் “யாருக்குக் கடினம்?” என்று எழுதி, நூலை மீண்டும் ஆசிரியரிடம் கொண்டு போயிருக்கிறான். மதிப்பெண் இன்னும் திரும்பவில்லை.