169.254 தெரிந்தால் ரீசெட்டைத் தள்ளிவையுங்கள்

"வைஃபை கனெக்ட் ஆகியிருக்கிறது, ஆனால் இன்டர்நெட் வரவில்லை." இந்தப் புகார் வந்ததும் நம்மில் பலருடைய கை யோசிக்காமலே செய்யும் வேலைகள் உண்டு. சேமித்த நெட்வொர்க்கை நீக்கிவிட்டு மறுபடி இணைப்போம். நெட்வொர்க் ரீசெட் கொடுப்போம். டிரைவரைக் கழற்றி மாட்டுவோம். கடைசியில் ரூட்டரை அணைத்துப் போடுவோம். ஏதோ ஒரு கட்டத்தில் இணைப்பு வந்துவிடும், டிக்கெட்டை மூடிவிடுவோம். அடுத்த நாள் அதே இடத்திலிருந்து அதே புகார் வரும்.

இந்த வழக்கத்தை நம் துறை கைவிட வேண்டும். லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்கினால், கோளாறு எந்த இடத்தில் என்பதற்கு ஒரு தடயம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. ரீசெட் முதலில் அழிப்பது அந்தத் தடயத்தைத்தான்.

அந்த எண் சொல்வது ஒரே ஒரு செய்தி: இந்த லேப்டாப்புக்கு டிஎச்சிபி சர்வரிடமிருந்து முடிவான பதில் கிடைக்கவில்லை. சர்வரே இல்லாத இடத்திலும் அருகருகே உள்ள கணினிகள் பேசிக்கொள்ளட்டும் என்பதற்காக ஒதுக்கிய முகவரித் தொகுதி அது. விண்டோஸ் 98 காலத்திலேயே புழக்கத்துக்கு வந்த இந்த முறை, 2005இல் ஆர்எஃப்சி 3927 என்ற தரநிலையாக எழுதப்பட்டது. இந்த முகவரியிலிருந்து கிளம்பும் பாக்கெட்டை எந்த ரூட்டரும் வெளியே அனுப்பக் கூடாது என்பது அதன் விதி. ஆகவே இந்த முகவரியோடு இன்டர்நெட் வராதது இயல்பு. நாம் தேட வேண்டியது முகவரி ஏன் கிடைக்கவில்லை என்பதை.

வைஃபை முழுக் கோடுகளோடு தெரிகிறதே என்று பயனர் கேட்பார். வைஃபை இணைப்பு என்பது லேப்டாப்புக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் இடையில் முடிந்துவிடும் காரியம். டபிள்யூபிஏ2 நெட்வொர்க்கில் கடவுச்சொல் தவறாக இருந்தால் அந்தக் கட்டத்திலேயே இணைப்பு முறிந்துவிடும். முகவரி கேட்கும் நிலைக்கே லேப்டாப் வராது. எனவே 169.254 தெரிகிற லேப்டாப்பில் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பது வீண் வேலை.

முதல் வேலை, இருக்கும் நிலையை அப்படியே பார்த்துக் குறித்துக்கொள்வது.

```
ipconfig /all
ipconfig /renew
```

முதல் கட்டளையில் `Autoconfiguration IPv4 Address` என்ற வரியும், அதன் கீழே 255.255.0.0 என்ற மாஸ்க்கும், காலியான `Default Gateway` வரியும் தெரியும். `DHCP Enabled` என்ற இடத்தில் `Yes` இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது கட்டளை சில நொடிகள் காத்திருந்துவிட்டு, சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொன்னால் கோளாறு இந்தக் கணத்திலும் நீடிக்கிறது. விண்டோஸ் 5 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே சர்வரை மறுபடி தேடிப் பார்க்கும். அதனால்தான் சில சமயம் நாம் எதையோ செய்துகொண்டிருக்கும்போது இணைப்பு தானாக வந்துவிடுகிறது. பெருமை நாம் கடைசியாகச் செய்த வேலைக்குப் போய்விடுகிறது.

முகவரி கிடைப்பதற்கு நான்கு செய்திகள் போய்வர வேண்டும் என்பது நாம் எல்லோரும் படித்ததுதான். லேப்டாப் டிஸ்கவர் அனுப்பும், சர்வர் ஆஃபர் தரும், லேப்டாப் ரிக்வெஸ்ட் கேட்கும், சர்வர் ஆக் கொடுத்து முடிக்கும். வேலைக்குப் போன பிறகு நம்மில் பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. வயர்ஷார்க்கைத் திறந்து `dhcp` என்று வடிகட்டி வைத்து `ipconfig /renew` கொடுத்தால், பேச்சு எந்த இடத்தில் நின்றது என்று ஒரு நிமிடத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். டிஸ்கவரே கிளம்பவில்லை என்றால் கோளாறு லேப்டாப்பில். டிஎச்சிபி கிளையன்ட் சர்வீஸ் நின்றிருக்கலாம். ஆஃபர் வந்து சேர்வது திரையில் தெரிந்தும் லேப்டாப் டிஸ்கவரையே திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தால், ஏதோ ஒரு ஃபயர்வால் அதை உள்ளே விடவில்லை என்று சந்தேகிக்கலாம். டிஸ்கவர் மட்டும் மீண்டும் மீண்டும் போய், ஆஃபரே வராவிட்டால் லேப்டாப்பைத் தொடாதீர்கள். கோளாறு அதற்கு வெளியே இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இந்த மூன்றாவது நிலைதான் நம்மை அதிகம் அலையவைப்பது. ஒரு பயிற்சி மையத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். சிறிய ரூட்டர் ஒன்றே அங்கு டிஎச்சிபி சர்வரும்கூட. அது கொடுக்கும் முகவரிகள் 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை, மொத்தம் 100. லீஸ் காலம் 24 மணி நேரம். காலை வகுப்பு மட்டும் நடந்தவரை பிரச்சினை இல்லை. மதியம் 2 மணிக்குப் புதிய வகுப்பு ஒன்றைத் தொடங்கியதும் புகார் வரத் தொடங்கியது. மதியம் வருகிறவர்களின் லேப்டாப் வைஃபையில் சேர்கிறது, முகவரி 169.254. அலுவலக ஊழியர்களின் லேப்டாப்களோ அதே அறையில், அதே வைஃபையில் நன்றாக ஓடுகின்றன. ஆகவே கோளாறு மாணவர்களின் லேப்டாப்பில்தான் என்று முடிவுகட்டி, ஒவ்வொன்றாக ரீசெட் செய்திருக்கிறார்கள். அதில் சரியாகாதபோது ரூட்டரை அணைத்துப் போட்டார்கள், உடனே எல்லோருக்கும் இணைப்பு வந்தது. அதிலிருந்து தினமும் ரூட்டரை அணைத்துப் போடுவதே வைத்தியமாகிவிட்டது.

கணக்குப் போட்டிருந்தால் விஷயம் புரிந்திருக்கும். காலையில் 42 பேர், ஆளுக்கு ஒரு லேப்டாப்பும் ஒரு ஃபோனும்: 84 முகவரிகள். ஊழியர்களின் கருவிகள் 10. மதியத்துக்கு மிஞ்சுவது 6 முகவரிகள்தான். காலை மாணவர்கள் 12.30 மணிக்குக் கிளம்பிவிட்டாலும் அவர்களின் லீஸ் மறுநாள்வரை உயிரோடு இருக்கும். மதியம் வருகிற 40 பேருக்கு 80 முகவரிகள் தேவை. ஃபோன்கள் வாசலிலேயே வைஃபையைப் பிடித்துவிடுவதால் அந்த 6 முகவரிகளும் பெரும்பாலும் ஃபோன்களுக்கே போயின. மற்ற ஃபோன்களில் ஐபி முகவரியைப் பெறுகிறது என்ற செய்தி சுழன்றுகொண்டே இருந்தது. ஆண்ட்ராய்டு ஃபோன் 169.254 முகவரியைக் காட்டாமல் இப்படித்தான் தன் நிலையைச் சொல்லும். ஒரே ஒரு ஃபோனைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தாலே கோளாறு லேப்டாப்பில் இல்லை என்பது தெரிந்திருக்கும்.

இங்கே கோளாறை இரண்டாகப் பிரித்துக்காட்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு லேப்டாப்பில் கையால் முகவரி கொடுப்பது. பூலுக்கு வெளியே உள்ள 192.168.1.250ஐ எடுத்து, வேறொரு கணினியிலிருந்து அதைப் பிங் செய்து, `arp -a` பட்டியலிலும் அது இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, 255.255.255.0 மாஸ்க்கும் 192.168.1.1 கேட்வேயும் போட்டார்கள். கேட்வே பதில் சொன்னது. பாதை சரி, முகவரி கொடுப்பதில்தான் சிக்கல் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. ரூட்டரின் டிஎச்சிபி பட்டியலைத் திறந்தால் 100 வரிகளும் நிரம்பிக் கிடந்தன.

கேட்வே பதில் சொல்லாமல் இருந்திருந்தால் தேட வேண்டிய இடமே வேறு. புதிதாக மாற்றிய ஸ்விட்ச்சில், ஆக்சஸ் பாயின்ட் செருகியிருக்கும் போர்ட்டில் அந்த வைஃபைக்கு உரிய விலேனை அனுமதிக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது அந்த ஆக்சஸ் பாயின்ட்டில் சேரும் எந்தக் கருவிக்கும் முகவரி வராது. பக்கத்து மாடிக்கு நடந்து போனால் வந்துவிடும். ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: டிஎச்சிபி வழியாக முகவரி வாங்காத கருவியை உள்ளே விடாதபடி சில பெரிய அலுவலகங்களில் வைஃபை கன்ட்ரோலரை அமைத்திருப்பார்கள். அங்கே கையால் கொடுத்த முகவரி வேலை செய்யவில்லை என்பதை வைத்துப் பாதையைக் குறை சொல்ல முடியாது. சோதனை முடிந்ததும் முகவரியைத் தானியங்கி நிலைக்குத் திருப்பிவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் அந்த லேப்டாப் வீட்டு வைஃபையில் முடங்கி, புதிய புகாராகத் திரும்பி வரும்.

ரூட்டரை அணைத்துப் போட்டதும் ஏன் சரியானது? இத்தகைய சிறிய ரூட்டர்கள் பலவற்றில் லீஸ் பட்டியல் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் போனதும் பட்டியல் காலி. ஆனால் அறையில் இருக்கும் ஊழியரின் லேப்டாப் 192.168.1.104ஐ இன்னும் தன்னுடையது என்றே வைத்திருக்கும். ரூட்டருக்கோ அது நினைவில்லை. பல சர்வர்கள் ஒரு முகவரியைக் கொடுக்கும் முன் பிங் செய்து பார்க்கும். தூங்கிக்கொண்டிருக்கும் ஃபோனும், பிங்கைத் தடுத்திருக்கும் லேப்டாப்பும் அதற்குப் பதில் சொல்லாது. அப்போது ஒரே முகவரி இரண்டு பேரிடம் போய்ச் சேரக்கூடும். தினசரி வைத்தியம் ஊழியர்கள் பக்கம் புதிய நோயை உண்டாக்கியது அப்படித்தான்.

சரியான தீர்வு இரண்டு அமைப்புகளில் இருந்தது. லீஸை 2 மணி நேரமாகக் குறைக்கலாம் என்பது முதலில் தோன்றும் யோசனை, ஆனால் அது இங்கே போதாது. கருவிகள் லீஸில் பாதி கழிந்ததும் புதுப்பித்துக்கொள்ளும். 12.30க்குச் சற்று முன் புதுப்பித்த ஃபோன் ஏறத்தாழ 2.30வரை முகவரியைப் பிடித்துவைத்திருக்கும். வகுப்போ 2 மணிக்கே தொடங்கிவிடும். 1 மணி நேரம் என்று வைத்தால் 1.30க்குள் எல்லாம் விடுபட்டுவிடும். கூடவே பூலை 192.168.1.20 முதல் 192.168.1.239 வரை விரித்தால் 220 முகவரிகள் கிடைக்கும். இரண்டு வகுப்பும் ஊழியர்களும் சேர்ந்து கேட்பது 174தான். விரிப்பதற்கு முன், கையால் முகவரி கொடுத்துவைத்த பிரின்டரும் கேமராவும் அந்த வரம்புக்குள் இருக்கின்றனவா என்று தேடி, இருந்தால் அவற்றை வெளியே நகர்த்த வேண்டும். மாற்றத்துக்கு முன் கொடுத்த 24 மணி நேர லீஸ்கள் அப்படியே ஓடும் என்பதால், பலன் முழுமையாகத் தெரிய ஒரு நாள் பொறுக்கவும் வேண்டும்.

நம் சேவை மையங்களுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறோம். 169.254 என்று தொடங்கும் முகவரியோடு வரும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ரீசெட் கொடுப்பதற்கு முன் நான்கு விவரங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும்: நான்கு செய்திகளில் எதுவரை வந்தது, அதே வைஃபையில் புதிதாகச் சேரும் இன்னொரு கருவிக்கு முகவரி கிடைத்ததா, கையால் கொடுத்த முகவரிக்குக் கேட்வே பதில் சொன்னதா, சர்வரின் பூலில் எத்தனை முகவரி மிச்சம். இரண்டாவது விவரத்தில் 'புதிதாக' என்ற நிபந்தனை முக்கியம். ஏற்கெனவே முகவரி வாங்கிவிட்ட கருவி நன்றாக ஓடுவது எதையும் நிரூபிக்காது. பயிற்சி மையத்தில் எல்லோரையும் திசைதிருப்பியது அதுதான். இந்த நான்கையும் எழுதப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. இவை இல்லாமல் "ரீசெட் செய்தேன், சரியானது" என்று மட்டும் எழுதி மூடிய டிக்கெட்டைத் தீர்ந்த டிக்கெட்டாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.