உருண்மைச் சுட்டெண்ணும் அரை உயரமும்

உடற்திணிவுச் சுட்டெண்ணின் காலம் முடிந்துவிட்டது, இனி உடலின் வடிவமே நோயைச் சொல்லும் என்னும் முழக்கம் சுகாதாரப் பக்கங்களிலும் விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் ஆண்டுக்கணக்காக ஓதப்பட்டு வருகிறது. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் பழைய சுட்டெண், கொழுப்பு வயிற்றில் சேர்ந்ததா வேறெங்கும் சேர்ந்ததா என்பதைக் காட்டாது என்பதை மறுப்பவர் எவருமில்லை. ஆனால் அதன் இடத்துக்கு முன்மொழியப்படும் இரு புதிய எண்களும் துல்லியமானவை என்பதும், பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களிலும் அப்படியே பொருந்தும் என்பதும் கணக்கிட்டுப் பார்க்காதவர்களின் கூற்றுகள்.

முதலில் உருண்மைச் சுட்டெண். டயானா தோமஸும் அவருடைய சகாக்களும் 2013இல் முன்வைத்த இம்முறை, மனித உடலை ஒரு நீள்வட்டமாகக் கருதி, உயரத்தை நீண்ட அச்சாகவும் இடுப்புச் சுற்றளவிலிருந்து கிடைக்கும் விட்டத்தைக் குறுகிய அச்சாகவும் கொண்டு, அதன் மையவகற்சித்திறனை, அதாவது அது வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை, 365.5ஆல் பெருக்கி 364.2இலிருந்து கழிக்கிறது, விடை பெரும்பாலும் 1 முதல் 20 வரை அமையும். கோள்களின் பாதையை விளக்கும் கணிதம் இடுப்புக்கு வந்துவிட்டதென்று வியப்பவர்கள், அச்சூத்திரத்துக்குள் நுழைவன இடுப்பும் உயரமும் மட்டுமே என்பதையும், அவையும் ஒன்றை மற்றொன்றால் வகுத்த விகிதமாக மட்டுமே நுழைகின்றன என்பதையும் கவனிப்பதில்லை. எனவே ஆயிரம் பேரை உருண்மைச் சுட்டெண்ணின்படி வரிசைப்படுத்தினாலும், இடுப்பை உயரத்தால் வகுத்த விகிதத்தின்படி வரிசைப்படுத்தினாலும் ஒருவர்கூட இடம் மாறமாட்டார். மையவகற்சித்திறனைக் கணிக்கும் வர்க்கமூலம் அளவுகோலின் தோற்றத்தை மாற்றுகிறதே தவிர, உடலைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தியையும் சேர்ப்பதில்லை.

எண் மாறியதால் நேரும் தீங்கை ஒரு கணக்கே காட்டும். 145 சென்ரிமீற்றர் உயரமும் 48 கிலோ நிறையும் 84 சென்ரிமீற்றர் இடுப்பும் கொண்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டால், அவருடைய உடற்திணிவுச் சுட்டெண் 22.8, ஆசியருக்கென உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சுட்டிய 23 என்ற எல்லைக்கும் அது உட்பட்டதே. இடுப்பு உயரத்தின் பாதியைத் தாண்டக்கூடாது என்ற எளிய விதியோ அவரைப் பிடித்துவிடுகிறது, ஏனெனில் பாதி உயரம் 72.5 மட்டுமே, தெற்காசியப் பெண்களுக்குச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வகுத்த 80 என்ற எல்லையையும் அவர் கடந்துவிட்டார். அவருடைய உருண்மைச் சுட்டெண் ஏறத்தாழ 5.0. 2024இல் வெளியாகிப் பெரிதும் பேசப்பட்ட அமெரிக்க ஆய்வு, ஏறத்தாழ 33,000 பேரின் தரவுகளைக் கொண்டு, 4.5 முதல் 5.5 வரையுள்ள நடுப்பிரிவையே ஒப்பீட்டு அடிப்படையாக வைத்து, 6.9உம் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் மரண அபாயம் 49 வீதமும் 3.4க்குக் கீழ் உள்ளவர்களிடம் 25 வீதமும் அதிகமென்று காட்டியது. அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தோட்டத்து மருத்துவமனையில் அமர்ந்தால், இப்பெண்ணைப் பாதுகாப்பானவர் என்று அனுப்பிவைப்பார். இடுப்பு சரியாகப் பாதி உயரமாக உள்ளவருக்கோ 3.36 என்ற எண் கிடைப்பதால், அவரையே ஆபத்தானவர் என்று நிறுத்திவைப்பார். அமெரிக்கச் சனத்தொகையில் நடுவில் நிற்பது எதுவோ அதுவே நலம் என்று எண்ணியதன் விளைவு இது. 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் தோட்டத்துறையின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். அப்படி வளர்ந்த உடல்களுக்கு அந்த நடுப்பிரிவு எவ்வகையில் அளவுகோலாகும்?

இரண்டாவதான வடிவச் சுட்டெண்ணைக் கிரகாவர் எனும் குடும்பப் பெயருடைய இருவர் 2012இல் அமைத்தனர். அது இடுப்பை உயரத்தோடும் நிறையோடும் சேர்த்துக் கணிப்பதால் உண்மையிலேயே வேறான தகவல் தருகிறது. ஆனால் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நோய்களை முன்னறிவதில் அது இடுப்பளவை விடப் பின்தங்கியதாகவே 2018இன் தொகுப்பாய்வு கண்டது. மேலும் மேற்கூறிய பெண்ணுக்கு அது 0.087, பெரும்பாலோருக்கு விடை 0.08ஐ ஒட்டியே வருவதால், நாடா 2 சென்ரிமீற்றர் பிசகினால் 0.089 ஆகி அவர் வேறொரு பிரிவுக்குத் தாவிவிடுவார்.

நாடா பிசகுவதும் அரிதன்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரத்துக்கும் செடிக்கீறலுக்கும் காப்பாக இடுப்பில் சுற்றும் படங்கை அவிழ்த்தபின்னும், சேலைக் கொசுவம் அங்கேயே இருக்கும். அதன் மேல் சுற்றிய நாடா கொழுப்போடு துணியையும் அளக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆனால் மேற்கண்ட அமெரிக்க அட்டவணைக்கு அடிப்படையான அளவுகள் இடுப்பெலும்பின் விளிம்பை ஒட்டியே எடுக்கப்பட்டவை. பெண்களிடம் அவ்விடத்து அளவு பொதுவாகக் கூடுதலாக வரும். ஆகவே இங்கு முறைப்படி எடுக்கும் 84ஐ அந்த அட்டவணையில் பொருத்துவது இருவேறு இடங்களின் அளவுகளை ஒன்றாகக் கொள்வதாகும். 84, 72.5ஐ விடப் பெரியது என்பதை அறிவதற்கு எந்த அட்டவணையும் தேவையில்லை.