படம் ஓடுது, சத்தம் எங்கேங்க? - ஜவ்வாது மலையும் ஸ்மார்ட் டிவியும்

ஸ்மார்ட் டிவி விளம்பரத்துல எல்லாம் யூடியூப், நெட்பிளிக்ஸ்னு பட்டன் பட்டனா காட்டுவாங்க. ஜவ்வாது மலையில அதே டிவியை வாங்கி மாட்டினவங்களைக் கேட்டா வேற பதில் வரும். ஜமுனாமரத்தூர் கடைத்தெருவுல சிக்னல் பரவாயில்லை. அங்கேருந்து உள்ள தள்ளிப் போற குக்கிராமங்கள் பலதுல செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அங்கெல்லாம் ஸ்மார்ட் டிவியோட மொத்த ஸ்மார்ட்டும் பின்பக்கம் இருக்கிற யூ.எஸ்.பி. ஓட்டையிலதான் இருக்கு. யாராவது போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கினா பென் டிரைவ்ல நாலு படம் ஏத்திக்கிட்டு வருவாங்க. அதுதான் இவங்க நெட்பிளிக்ஸ் :-)

இந்தப் பதிவு அந்த ஓட்டையைப் பத்தித்தான். நான் சொல்ல வர்ற விஷயம் ஒண்ணே ஒண்ணு. டிவி கம்பெனிங்க அட்டைப்பெட்டியில "யூ.எஸ்.பி.யில் எம்பி4, எம்கேவி, ஏவிஐ ஓடும்"னு போடுறாங்க பாருங்க, அது பொய் இல்லை. ஆனா அரை உண்மை. மறைஞ்சு போற மீதி அரை உண்மைக்கு விலை கொடுக்கிறது நெட் இல்லாத வீடுகள்தான்.

ஏன்னு சொல்றேன்.

மலையிலேருந்து சந்தைக்கு சாமை மூட்டை இறங்குது. மூட்டை மேல "சாக்கு, 50 கிலோ"ன்னு மட்டும் எழுதியிருந்தா உள்ள இருக்கிறது சாமையா கேழ்வரகான்னு எப்படித் தெரியும்? எம்கேவி, எம்பி4, ஏவிஐ எல்லாமே அந்த மாதிரி வெறும் சாக்குதான். உள்ள ரெண்டு சரக்கு தனித்தனியா இருக்கு. ஒண்ணு படம், இன்னொண்ணு ஒலி. ரெண்டையும் ஒவ்வொரு முறையில சுருக்கி வெச்சிருப்பாங்க. அந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக்னு பேரு. டிவிக்கு சாக்கைப் பிரிக்கத் தெரியும், ஆனா உள்ள இருக்கிற சரக்கைச் சமைக்கத் தெரியலைன்னா என்ன ஆகும்? அதுதான் தலைப்பு.

எங்க சித்தப்பா பையன் வீட்டுல நடந்ததைச் சொன்னா சுலபமா புரியும். அவன் கல்யாணம் 2013-ல. சொந்தக்காரர் ஒருத்தர் ஹேண்டிகேம்ல எடுத்த வீடியோ, மொத்தம் 14 துண்டு, ஹார்ட் டிஸ்க்குல அப்படியே இருந்தது. அதுல ஒரு துண்டுல எங்க ஆயா நலங்கு வைக்கும்போது பாடுறாங்க. ஆயா 2019-ல போய்ட்டாங்க. அவங்க குரல் வேற எங்கேயும் பதிவாகலை. போன வருஷம் புது டிவி வாங்கினதும் முதல் வேலையா அந்த ஃபைல்களை பென் டிரைவ்ல போட்டுச் செருகினான். படம் பளிச்னு வருது. ஆயா வாய் அசையுது. சத்தம் மட்டும் இல்லை. திரையில ஓரமா "ஆடியோ சப்போர்ட் இல்லை"ன்னு ஒரு வரி வந்து மறையுது.

வீட்டுல எல்லாரும் சொன்னது, "பழைய வீடியோடா, கெட்டுப் போச்சு". சித்தி அழுதுட்டாங்க. ஆனா வீடியோ கெடவே இல்லைங்க. லேப்டாப்ல எஃப்எஃப்எம்பெக் கூட வர்ற சின்ன ஆயுதத்தை வெச்சு, சாக்குக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்தேன்.

```
ffprobe -hide_banner 00003.MTS
```

வந்த விவரத்துல ரெண்டு வார்த்தைதான் முக்கியம். `Video: h264`, `Audio: ac3`. (கட்டளை வேண்டாம்னா வி.எல்.சி.யில படத்தை ஓடவிட்டு `Tools > Codec Information` போனாலும் இதே விவரம் கிடைக்கும்.) எச்264 எல்லா டிவிக்கும் தெரிஞ்ச சரக்கு, அதனால படம் வந்தது. ஏசி3-ங்கிறது டால்பியோட முறை. 2006-ல வந்த ஏவிசிஎச்டி வகை ஹேண்டிகேம்கள் பெரும்பாலும் ஒலியை இதுலதான் பதிஞ்சது. நம்ம கல்யாணம், காதுகுத்து டிவிடி-கள்ல இருக்கிறதும் பல நேரம் இதே ஏசி3-தான். இவன் வாங்கின விலை மலிவான மாடல்ல டால்பி இல்லை. கதை முடிஞ்சது.

இதுக்கு டிவியில இருக்கிற சில்லுக்கு வலு இல்லைன்னு நினைக்காதீங்க. அதே ஆண்ட்ராய்டு டிவியில போன் ஹாட்ஸ்பாட் கொடுத்து வி.எல்.சி.யை இறக்கி, அதே ஃபைலைத் திறந்தா சத்தம் கணீர்னு வருது. இல்லாதது வலு இல்லை, உரிமம். டால்பி, டிடிஎஸ் மாதிரி ஒலி முறைகளைச் சேர்க்கணும்னா கம்பெனி உரிமக் கட்டணம் கட்டணும். விலையைக் குறைக்கணும்னா முதல்ல கை வைக்கிற இடங்கள்ல இது ஒண்ணு. இத்தனைக்கும் ஏசி3 மேல இருந்த காப்புரிமைகள் 2017-லேயே காலாவதி ஆயிடுச்சு! ஆனாலும் டால்பி உரிமம் எடுக்காத மாடல்ல ஏசி3-யும் சேர்ந்து காணாமப் போயிடுது.

மலிவு டிவிக்கு மட்டும்தான் இந்தக் கதைன்னும் நினைக்க வேண்டாம். சாம்சங் 2018 மாடல்கள்லேருந்து டிடிஎஸ்ஸைத் தூக்கிட்டாங்க. எல்ஜி 2020-ல தூக்கி, 2023-ல சில மாடல்களுக்குத் திருப்பிக் கொடுத்தாங்க. அதாவது பழைய டிவியில சத்தத்தோட ஓடின அதே பென் டிரைவ், அதைவிட விலை கூடின புது டிவியில ஊமை ஆகலாம்.

இதைப் பத்தி ஏன் பெருசா யாரும் சத்தம் போடலை? இங்கேதான் என் வாதமே இருக்கு. நெட் இருக்கிற வீட்டுல இந்தக் குறை தெரியவே தெரியாது. யூடியூப் மாதிரி சேவைகள் அந்த டிவிக்கு எது புரியுமோ அதையே பார்த்து அனுப்பும். பென் டிரைவ் அப்படி இல்லை, உள்ள இருக்கிறதைத்தான் கொடுக்கும். சென்னையில இருக்கிறவர் அஞ்சு வருஷம் அதே டிவியைப் பார்த்தும் இந்தப் பிரச்சனையைச் சந்திக்காம இருக்கலாம். மலையில இருக்கிறவன் முதல் நாளே மாட்டிக்குவான். காவலூர்ல 1986-ல திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற மலைங்க இது. நட்சத்திரம் பார்க்கிற மலையில ஆயா பாட்டு கேட்க முடியலைன்னா எப்படி?

சரி, தீர்வு. படத்தைத் தொட வேண்டாம், ஒலியை மட்டும் மாத்தினாப் போதும். ஏஏசி-ங்கிற முறை இப்ப வர்ற ஏறக்குறைய எல்லா டிவிக்கும் தெரியும். விண்டோஸ்ல அந்த ஃபோல்டருக்குள்ள போய் ஒரே வரி:

```
for %f in (*.MTS) do ffmpeg -i "%f" -c:v copy -c:a aac -b:a 192k "%~nf.mp4"
```

இதுல `-c:v copy`தான் உயிர்நாடி. படத்தை மறுபடி சுருக்காம அப்படியே புதுச் சாக்குக்கு மாத்துது, அதனால தரம் துளியும் குறையாது, நேரமும் ஆகாது. 14 துண்டும் ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெடி. ஆயா பாடிட்டாங்க. (மூல ஃபைலை அழிச்சிடாதீங்க. அதுதான் உங்க விதைநெல்.)

"எல்லாத் துண்டையும் ஒரே படமா ஒட்டிக் கொடுண்ணா"ன்னான். வேண்டாம்னேன். அந்த கேமரா நொடிக்கு 17 மெகாபிட் வேகத்துல எழுதியிருக்கு. கணக்குப் போட்டா ஒரு மணி நேரத்துக்கு 7.6 ஜிபி ஆகும். பென் டிரைவ் `FAT32` அமைப்புல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலை வாங்காது, விண்டோஸ் `too large for the destination file system`னு கையை விரிச்சிடும். `exFAT`க்கு மாத்தினா பெரிய ஃபைல் ஏறும், ஆனா பழைய டிவிகள் சிலது அந்த பென் டிரைவையே கண்டுக்காது. துண்டாவே இருந்துட்டா எந்த டிவியிலயும் வம்பில்லை.

வேற ஃபைல்ல கோளாறுன்னா அறிகுறியைப் பார்த்தே பாதி கண்டுபிடிச்சிடலாம். படம் வந்து சத்தம் வரலைன்னா மேலே சொன்ன ஒலி வியாதி. சத்தம் வந்து திரை இருட்டா இருந்தா படத்தோட கோடெக்தான் காரணம், பெரும்பாலும் 10-பிட் எச்265 இல்லைன்னா ஏவி1. ஃபைல் பேரே பட்டியல்ல வரலைன்னா சாக்கு வகையோ பென் டிரைவ் அமைப்போ டிவிக்குத் தெரியலைன்னு அர்த்தம். பேர் இருந்து, திக்கித் திக்கி ஓடினா பென் டிரைவோட வேகத்தைச் சந்தேகப்படுங்க.

மலைக்காரங்களுக்கு இன்னும் ஒரு யோசனை. போளூர்ல வாங்கி வளைவு வளைவா மேலே ஏத்தின டிவியை மறுபடி இறக்கி மாத்துறது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால சோதனையைக் கடையிலேயே முடிச்சிடுங்க. கையில இருக்கிற ஒரு எம்பி4 வீடியோவிலேருந்து 30 நொடியை வெட்டி ரெண்டு ஃபைல் செஞ்சுக்கோங்க.

```
ffmpeg -ss 60 -t 30 -i padam.mp4 -c:v copy -c:a ac3 1_ac3.mkv
ffmpeg -ss 60 -t 30 -i padam.mp4 -c:v copy -c:a dca -strict -2 2_dts.mkv
```

கூடவே உங்க வீட்டுப் பழைய வீடியோ ஒண்ணையும் மாத்தாம அப்படியே போட்டுக்கோங்க. கடைக்காரர் "எல்லாம் ஓடும் சார்"னு சொல்லும்போது, பணத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி பென் டிரைவை எடுங்க. வி.எல்.சி.யில வேண்டாம், டிவியோட வந்த பிளேயர்லயே போடச் சொல்லுங்க. மூணுல எது ஊமையோ அது உங்களுக்கு வேணுமான்னு பார்த்து முடிவு பண்ணுங்க.

"இ-மேனுவல்ல கோடெக் பட்டியல் இருக்கே"ன்னு சிலர் சொல்வாங்க. பெரிய கம்பெனிங்க அட்டவணை கொடுக்கிறாங்க, வாஸ்தவம். ஆனா அதைப் படிக்க நெட் வேணும், மாடல் நம்பர் தெரியணும், இங்கிலீஷ் தெரியணும். வாங்குறவர் கையில இருக்கிறது அட்டைப்பெட்டி. மின்சாரச் சிக்கனத்துக்கு நட்சத்திரம் ஒட்டுறாங்க இல்லையா, அதே மாதிரி பெட்டி மேல ரெண்டே வரி போதும்: படம் - இன்னின்ன முறை; ஒலி - இன்னின்ன முறை. "டிடிஎஸ் இல்லை, ஏசி3 இல்லை"ன்னு வெளிப்படையா அச்சடிக்க ஒரு பைசா கூடுதல் செலவில்லை. உரிமம் வாங்காததை நான் குத்தம் சொல்லலை. வாங்கலைன்னு சொல்லாததைத்தான் சொல்றேன்.

டிஸ்கி: `-strict -2`ன்னு போடலைன்னா டிடிஎஸ் ஃபைல் உருவாகாது. அந்த வேலை எஃப்எஃப்எம்பெக்ல இன்னும் சோதனை நிலையிலதான் இருக்கு. 30 நொடி சோதனைக்கு அதுவே தாராளம் :-)