வழிப்போக்கரின் முகம்

ஸ்ரீ சிட்டி, தமிழக எல்லையை ஒட்டி ஆந்திரத்தில் அமைந்த தொழில் நகரம். அங்கே பணி முடியும் வேளையில் ஒருவர் சாலையைப் படம் பிடிப்பதாகக் கொள்வோம். பேருந்துக்குக் காத்து நிற்கும் தொழிலாளர் பன்னிருவரும் அப்படத்தில் பதிந்துவிடுகின்றனர். அவர்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. படத்தை வெளியிடும்போது அவர்களின் முகங்களை என்ன செய்வது?

முகத்தை மங்கலாக்குவது பழகிய வழி. 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் தொடங்கிய கூகுள் தெருக்காட்சியிலும் முகங்கள் மங்கலாகவே தோன்றுகின்றன. ஆயினும், மங்கலான முகங்களையும் பயிற்சி பெற்ற கணினியால் இனங்காண இயலும் என்று 2016இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். ஆகவே, செயற்கை முகத்தைப் பொருத்தும் முறை எழுந்தது.

நார்வே பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ‘டீப் பிரைவசி’ இம்முறைக்குச் சான்று. நிரல் முதலில் முகங்களைக் கண்டு, அப்பகுதியை முற்றிலும் அழிக்கிறது. கண், மூக்கு, காது, தோள் ஆகியவற்றின் இடங்களை மட்டும் குறித்துக்கொள்கிறது. பின்னர், ஏறத்தாழ 15 லட்சம் முகப்படங்களில் பயின்ற கணினி, அவ்விடங்களுக்குப் பொருந்தப் புதுமுகம் வரைகிறது. வரையும் கணினி மூல முகத்தைக் காண்பதே இல்லை. எனவே புதுமுகத்திலிருந்து பழைய முகத்தை மீட்க வழியில்லை.

எனினும், முகம் மாறினால் மட்டும் மறைவு முழுமையாகாது. பக்கவாட்டில் திரும்பிய முகத்தையோ பேருந்துக் கண்ணாடியில் தெரியும் நிழலையோ நிரல் தவறவிடலாம். பன்னிருவரில் ஒருவர் விடுபட்டாலும் அவருக்குப் பாதுகாப்பில்லை. படத்தைப் பெரிதாக்கித் தலைகளை எண்ணி, மாற்றிய முகங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இப்பிழை வெளிப்படும். சீருடையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் அப்படியே இருந்தால், உடன் பணியாற்றுவோர் ஆளை எளிதில் அறிந்துகொள்வர்.

இதனினும் பெரிய சிக்கல் உண்மை பற்றியது. மங்கலான முகம் தான் மறைக்கப்பட்டதைத் தானே சொல்லிவிடும். செயற்கை முகமோ மெய்யான மனிதர் போலவே நிற்கும். சோர்ந்த தொழிலாளியின் முகத்தில் புன்னகை வந்து அமர்ந்தால், அப்படம் பொய்ச்சான்று ஆகிவிடும். 2020இல் வெளிவந்த ‘வெல்கம் டு செச்சினியா’ ஆவணப்படம், உயிருக்கு அஞ்சியோரின் முகங்களில் தன்னார்வலரின் முகங்களைப் பொருத்தியது. அச்செய்தியைப் பார்வையாளருக்கு அறிவித்ததோடு, மாற்றிய முகங்களின் விளிம்பையும் வேண்டுமென்றே சற்று மென்மையாக்கியது. அந்நேர்மையே பின்பற்றத்தக்கது.

சாலையில் செல்வோரை எண்ணவோ வாகனக் கணினியைப் பயிற்றவோ பயன்படும் படங்களில் முகமாற்றம் ஏற்புடையது. அங்கே எவர் முகம் என்பது பொருட்டன்று. செய்திப் படத்துக்கு அது பொருந்தாது. அங்கே மங்கலாக்குவதே முறை. எவ்விடத்தில் முகத்தை மாற்றினாலும், ‘முகங்கள் மாற்றப்பட்டவை’ என்னும் குறிப்பு படத்தின் கீழேயே இருத்தல் வேண்டும். வழிப்போக்கரைக் காக்கும் முறை, படத்தைக் காண்போரை ஏமாற்றுவதாக அமையலாகாது.

சிந்தித்து எழுதுக:
1. முகம் மாற்றிய பின்னும் ஒருவரை எவற்றால் அடையாளம் காணலாம்?
2. செய்திப் படத்தில் செயற்கை முகம் கூடாது என்னும் கருத்தை ஏற்கிறீரா? காரணம் கூறுக.