முன்கையில் ஒரு பச்சை

சுங்கை காடுட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்து இன்று எழுபதைக் கடந்த பெரியவர்கள் சிலருக்கு, கப்பலேறி வந்த பாட்டியின் கை நினைவிருக்கும். முன்கையில் புள்ளிக்கோலமோ தேளோ பச்சையாகப் படிந்திருக்கும். தென்மாவட்டங்களிலிருந்து வந்த பாட்டியாக இருந்தால், பாம்படம் போட்டு வளர்த்த காது தோளைத் தொட்டுக்கொண்டிருக்கும். குடுமி வைத்த தாத்தாக்களும் அந்த லயங்களில் இருந்தார்கள். அதே பெரியவர்கள் இன்று பேரனின் கையில் பச்சையைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள். இது முரண்பாடு என்று இளைஞர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை அதுவல்ல.

பாட்டியின் பச்சை ஊரார் எல்லாருக்கும் புரிந்த அடையாளம். இடையில் பச்சைக்கு வேறொரு பொருள் வந்து சேர்ந்துவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்த காலத்தில், எண்களால் அறியப்பட்ட குண்டர் கும்பல்கள் நம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டன. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலில் 04, 08, 36 போன்ற எண்கள் இருந்தன. அந்த எண்களை உடம்பில் குத்திக்கொண்டவர்களும் உண்டு. மகன் கையில் பச்சையைப் பார்க்கும் அம்மாவுக்குச் சிங்கப் படமும் ஒன்றுதான், கும்பல் எண்ணும் ஒன்றுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் நிதானத்தை அந்த ஆண்டுகள் அவரிடமிருந்து பறித்துவிட்டன. அவருடைய கோபத்துக்கு அடியில் இருப்பது பயம். அதை இளைஞர்கள் புரிந்துகொள்ள வேண்டும். கையில் சிங்கம் வைத்திருப்பவன் கும்பல்காரன் அல்லன் என்பதைப் பெரியவர்களும் ஏற்க வேண்டும்.

பச்சையையும் தோட்டையும் பார்த்து வேலை தரத் தயங்கும் முதலாளிமார் பக்கத்திலும் நியாயம் உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே அளவில் இல்லை. 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் உணவைக் கையாள்பவரின் உடைக்கும் தூய்மைக்கும் கட்டுப்பாடு விதிக்கின்றன. தோடு கழன்று மாவில் விழலாம். சுழலும் இயந்திரத்தில் நீண்ட முடி சிக்கலாம். இவை உண்மையான ஆபத்துகள். ஆறிவிட்ட பச்சையால் அப்படி எந்த ஆபத்தும் இல்லை. அங்கே முதலாளி அஞ்சுவது வாடிக்கையாளரின் எண்ணத்துக்கு.

சட்டத்திடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. வேலைச் சட்டம் 1955இல் சேர்க்கப்பட்டு 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த 69F பிரிவு, வேலையிடப் பாகுபாடு பற்றிய புகாரை விசாரிக்கத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அது பேசுவது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராற்றை. வேலை தேடி வாசலில் நிற்பவரைப் பற்றி அதில் சொல்லப்படவில்லை. கூட்டரசு அரசமைப்பின் 8ஆம் விதி சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது, தோற்றத்தைக் குறிப்பிடவில்லை. எனவே இதை நாம் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். வயது 22. முன்கையில் அம்மாவின் பெயர், காதின் மேல்மடலில் புதிதாகக் குத்திய வளையம், சாயம் பூசிய முடி. உணவுப் பொட்டலத் தொழிற்சாலை ஒன்றில் நேர்முகத் தேர்வு. முடிச் சாயம் ஒரு பிரச்சினையே இல்லை. வலைத்தொப்பி போதும், வேண்டாம் என்றாலும் சில மாதங்களில் வளர்ந்து மாறிவிடும். வளையம்தான் கவனம் வேண்டிய இடம். காதுச்சோணையில் குத்திய துளை ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மேல்மடல் குருத்தெலும்பு என்பதால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். அதற்குள் ஒவ்வொரு ஷிப்டுக்கும் கழற்றி மாட்டினால் துளை மூடிக்கொள்ளலாம், சீழ் பிடிக்கலாம். ஆகவே வேலை தேடும் முன்பே குத்தி ஆறவிட வேண்டும், அல்லது வேலை நிலைக்கும்வரை தள்ளிப்போட வேண்டும். பச்சைக்கு நீளக்கைச் சட்டை போதும். அதையே விரலிலோ கழுத்திலோ குத்தியிருந்தால் சட்டை உதவாது. லேசர் கொண்டு அழிப்பதென்றால் சில வார இடைவெளிவிட்டுப் பல அமர்வுகள் ஆகும். குத்தியதைவிட அதிகச் செலவாகும். கறுப்பு மை ஓரளவு மங்கும், பச்சை நிறமும் மஞ்சள் நிறமும் எளிதில் போகாது.

அந்த நேர்முகத் தேர்வில் மேலாளரும் ஒன்று செய்யலாம். எது சுகாதார விதி, எது நிறுவனத்தின் விருப்பம் என்பதைப் பிரித்து, வேலை விளம்பரத்திலேயே எழுதிவிடலாம். 'உற்பத்திப் பகுதியில் தோடு, வளையம் கூடாது. கைப்பச்சையை மூட வேண்டும்' என்று இரண்டு வரி இருந்தால், விண்ணப்பிப்பவர் பேருந்துக் காசு செலவழித்து வந்து, காரணம் தெரியாமல் திரும்ப நேராது.

வீட்டில் பேச்சைத் தொடங்கும் பொறுப்பு பெரியவருடையது. 'இது என்ன அசிங்கம்' என்று தொடங்கினால் மகன் கதவைச் சாத்திக்கொள்வான். 'இதுக்கு என்ன அர்த்தம்பா?' என்று கேட்டால் அம்மாவின் பெயர் என்பான். எண் என்றால், அவன் தயங்குவதிலேயே தெரிந்துவிடும். அப்போது பேச வேண்டியது பச்சையைப் பற்றியல்ல, அவன் யாருடன் பழகுகிறான் என்பதைப் பற்றி.